பக்கெட் சத்தத்துக்கு ஓடி வருகிற வெள்ளச்சி

"அண்ணா, எங்கட தம்பி கல்முனையில பெட் ஷொப் வச்சிருக்கிறான். புதுப் பூனைச் சாப்பாடு ஒண்டு போன கிழமைதான் கடைக்கு வந்தது. அதுக்கு 30 செக்கன் ரீல் நான்தான் செய்து குடுக்கவேணும். எங்கட வெள்ளச்சி பக்கெட் சத்தம் கேட்டா எங்க படுத்துக் கிடந்தாலும் பாய்ஞ்சு வருவாள். அதை வச்சுத்தான் ஸ்கிரிப்ட் எழுதினன். சப்ளையர் தந்த தாளில 'முடி பளபளக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், சிறுநீர்க் கல் வராது' எண்டு இருக்கு. அதையும் சேர்க்கச் சொல்லித் தம்பி நிக்கிறான். பொய் சொல்லாம, ஆனா ஆக்கள் நிண்டு பார்க்கிற மாதிரி எப்படி எழுதுறது?"
— வாசகி, கல்முனை

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டை இரண்டு தரம் வாசித்தேன். முதல் ஏழு செக்கனில் வரும் காட்சியைக் கைவிட வேண்டாம். வெள்ளச்சி அலுமாரிக்கு மேல் தூங்குகிறாள், குசினியில் பக்கெட் சரசரக்கிறது, முதலில் ஒரு காது மட்டும் திரும்புகிறது, மறுகா ஆளைக் காணோம். பூனை வளர்க்கிற யாருக்கும் அது தன் வீட்டில் நேற்று நடந்தது போலவே இருக்கும். நின்று பார்ப்பார்கள்.

எட்டாவது செக்கனில் "எது சத்தெண்டு வெள்ளச்சிக்குத் தெரியும்" என்று ஒரு வரி வருகிறது. தம்பி சேர்க்கச் சொல்லும் மூன்று வாக்கியங்களையும் நீக்கிவிட்டு இந்த வரியை மட்டும் விட்டாலும் உங்கள் ரீல் பொய் சொல்லும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளச்சி ஏன் ஓடி வருகிறாள்? சத்தம் வந்தால் சாப்பாடு வரும் என்று பழகியதால் வருகிறாள். காலையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தால் ஒழுங்கைப் பூனைகள் எல்லாம் கேற்றடிக்கு வந்துவிடும். அப்போது அவை மீனைக் காணவும் இல்லை, மணக்கவும் இல்லை. ஹோர்னுக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பைப் பல நாள் பார்த்துப் படித்திருக்கின்றன. பக்கெட் சரசரப்பும் அப்படித்தான். இப்போது நீங்கள் எழுதியதை இன்னொரு முறை பாருங்கள்: புதுச் சாப்பாடு போன கிழமைதான் வந்தது, வெள்ளச்சியோ முன்பிருந்தே ஓடி வருகிறாள். அப்படியென்றால் அவள் படித்தது பழைய பக்கெட்டின் சத்தத்தை. புதுப் பக்கெட்டை முதல் நாள் கையில் எடுத்து அசைத்தாலும் அதே ஓட்டம்தான் ஓடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த ஓட்டத்தைப் புதுச் சாப்பாட்டுக்குக் கிடைத்த பாராட்டாகக் காட்டினால், படம் உண்மையாக இருந்தும் சொன்ன சேதி பொய்யாகிவிடும்.

சரி, ஓடி வந்து கிண்ணத்தை நக்கி வெளுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அது ருசிக்குச் சாட்சி, சத்துக்குச் சாட்சி இல்லை. உலர் உணவு மணிகளை வேகவைத்து உலர்த்தி எடுத்த பிறகு வெளிப்புறத்தில் கொழுப்பையும், இறைச்சி ஈரலைப் பக்குவப்படுத்திச் செய்த ஒரு சுவைச் சாற்றையும் தெளிப்பார்கள். பூனையை இழுப்பது பெரும்பாலும் அந்த மணம்தான். அதில் களவு எதுவும் இல்லை. ருசி இல்லாவிட்டால் பூனை வாயே வைக்காது. ஆனால் மணம் நன்றாக இருப்பதும் உள்ளே தேவையான சத்து இருப்பதும் இரண்டு வேறு விஷயம்.

இதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. டோரின் என்ற சத்து பூனைக்குச் சாப்பாட்டிலிருந்தே கிடைக்கவேண்டும். உடம்பு போதியளவு செய்துகொள்ளாது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும், கண்ணின் விழித்திரையும் கெடும். 1987இல் அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயம் வீங்கிய பூனைகளின் இரத்தத்தில் டோரின் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அந்தப் பூனைகள் சாப்பிட்டது கடையில் விற்ற பூனைச் சாப்பாட்டைத்தான். அதன் பிறகு நிறுவனங்கள் டோரினைக் கூட்டின. அந்த வீடுகளில் யாராவது அன்று சாப்பாட்டு நேரத்தைப் படம் பிடித்திருந்தால், அந்தப் பூனைகளும் கிண்ணத்தடிக்கு ஓடி வருவதைத்தான் பார்த்திருப்போம். குறைபாடு கிண்ணத்தடியில் தெரிவதில்லை. மாதக் கணக்கில் உள்ளுக்குள் வளர்ந்துதான் வெளியே வரும்.

இனி, உங்கள் ஸ்கிரிப்டில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் வெள்ளச்சி முன்னங்காலை நனைத்து முகம் கழுவுகிறாள், முதுகை நக்குகிறாள். அந்த இடத்தில் "பளபளக்கும் முடி!" என்று எழுத்து வருகிறது. அதே படத்துக்கு மேல் "சாப்பாடு முடிஞ்சா மறுகா குளிப்பு" என்று போட்டுப் பாருங்கள். படத்தில் ஒரு துளியும் மாறவில்லை. முதலாவது, இந்தச் சாப்பாட்டால் முடி பளபளக்கிறது என்று காரணம் சொல்கிறது. இரண்டாவது, பூனை செய்வதைச் சொல்கிறது. சாப்பிட்ட பின் தன்னைத் துப்புரவாக்குவது எந்தப் பூனையும் செய்கிற வேலை. எந்தச் சாப்பாடு என்பது அங்கே கணக்கில் இல்லை. விலங்கை வைத்து ரீல் எழுதும்போது நான் பார்த்துப் பார்த்துச் செய்வது இதைத்தான்: எழுத்தையும் குரலையும் மூடிவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பேன். அதில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதை மட்டும் எழுதுவேன். தெரியாத ஒன்று எழுத்தில் இருந்தால், அதை நான் பூனையின் வாயில் திணிக்கிறேன் என்று அர்த்தம்.

படத்துக்குப் பக்கத்தில் படத்தை வைப்பதும் எழுத்து எழுதுவதற்குச் சமன். ஈரத்தில் நனைந்து முடி சிலும்பிய பூனை, அடுத்த துண்டில் சீவிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிற அதே பூனை, நடுவில் பக்கெட். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் "முன்பு, பின்பு" என்று பார்ப்பவர் படித்துவிடுவார். உங்கள் 19ஆவது செக்கனில் அப்படி ஒரு வெட்டு இருக்கிறது. எடுத்துவிடுங்கள். அந்தி நேரத்தில் வீடு முழுக்கக் காரணமில்லாமல் ஓடுகிற ஓட்டத்தைச் சாப்பாட்டுக்கு அடுத்த துண்டாக வைத்தால் "தெம்பு வந்துவிட்டது" என்றாகிவிடும். அந்த ஓட்டம் வேண்டுமென்றால் அதைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள்.

தாளில் உள்ள மூன்றில் "சிறுநீர்க் கல் வராது" என்பதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் அது என் கையிலும் ஒரு தரம் நடந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு கடைக்காக நான் எழுதிய சின்ன வீடியோவில் "மூத்திரப் பிரச்சினைக்கும் நல்லது" என்று ஒரு வரி போட்டேன். தந்த தாளில் இருந்தது, அப்படியே எழுதினேன். ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அந்தக் கடைக்கு வந்து அந்தச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய ஆண் பூனை முந்தின நாளிலிருந்து மண் பெட்டியில் போய்ப் போய் முக்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார். பூனை பிழைக்கவில்லை. அவர் என்னை ஏசவில்லை. கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வரியை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் ஒடுக்கம். அது முழுதாக அடைத்துவிட்டால் இரண்டு, மூன்று நாளுக்குள் உயிரே போகலாம். அடைப்பு எடுக்க வேண்டும்; எந்தச் சாப்பாட்டாலும் அதைத் திறக்க முடியாது. கல்லுக்கென்றே செய்த மருத்துவ உணவுகள் உண்மையில் இருக்கின்றன. சிறுநீரின் புளிப்புத்தன்மையையும் மக்னீசியத்தையும் கட்டுப்படுத்தி, ஸ்ட்ரூவைட் என்ற ஒரு வகைக் கல்லை அவற்றால் கரைக்க முடியும். கல்சியம் ஒக்சலேட் என்ற மற்ற வகை அவற்றாலும் கரையாது. எந்த வகை என்று பார்த்து, எவ்வளவு நாள் கொடுப்பது என்று வைத்தியர் சொல்லித்தான் அதைக் கொடுக்க வேண்டும். தம்பியின் கடைக்கு வந்திருப்பது அந்த வகைப் பக்கெட் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் "வராது" என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. ஆகவே அந்த வரியை மென்மையாக்கிப் போடுவோமா என்று பார்க்க வேண்டாம். "உதவக்கூடும்", "காக்கும்" என்று எழுதினாலும் பூனைக்கு மூத்திரம் போகாமல் தவிக்கிற வீட்டில் அதை ஒரே மாதிரித்தான் கேட்பார்கள். வேண்டாம்.

மற்ற இரண்டும் சுருக்கமாக முடியும். முடி மங்குவதற்குத் தெள்ளு, சொறி, குடல் பூச்சி என்று பல காரணம் இருக்கிறது. சாப்பாட்டில் கொழுப்புக் குறைவதும் அதில் ஒன்று, அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தியை உங்கள் கமராவால் காட்டவே முடியாது. காட்ட முடியாததை ரீலில் சொல்லாதீர்கள். தம்பி முகம் சுளித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைப் பிழையாக நினைக்க வைக்கும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தாளை அடித்தது சப்ளையர்தான், ஆனால் ரீலில் இருக்கப்போவது தம்பியின் கடைப் பெயர்.

அப்போ சத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லக்கூடாதா? ஒரு வரி சொல்லலாம், அது பக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். "முழுமையான, சமநிலை உணவு" என்ற கருத்தில் ஒரு வாக்கியமும், அது குட்டிக்கா, வளர்ந்த பூனைக்கா, எல்லா வயதுக்குமா என்பதும் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். இருந்தால், "வளர்ந்த பூனைக்கான முழுமையான உணவு எண்டு பக்கெட்டில போட்டிருக்கு" என்று, பக்கெட் சொல்வதாகவே சொல்லுங்கள். அந்த இடத்தைக் கமராவில் வாசிக்கக்கூடியபடி இரண்டு செக்கன் காட்டுங்கள். அந்த வாக்கியம் இல்லாமல் நொறுக்கு என்றோ, மேலதிக உணவு என்றோ இருந்தால், அது தினச் சாப்பாடு இல்லை. கிண்ணம் நிறையப் போட்டுக் காட்டவும் கூடாது. அமெரிக்காவின் ஆஃப்கோ என்ற அமைப்பின் பெயரைச் சில பக்கெட்டில் பார்ப்பீர்கள். அது சத்தளவுகளை வகுத்து வைக்கிற அமைப்பு. எந்தச் சாப்பாட்டுக்கும் அனுமதி முத்திரை குத்துவதில்லை. "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது" என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

தம்பி பெரிய மூட்டையை உடைத்துக் கிலோக் கணக்கில் பொலித்தீன் பையில் கட்டி விற்கிறானா என்று கேளுங்கள். நம் பக்கம் நிறையக் கடையில் நடக்கிறது, விலை குறைவு என்பதால் சனமும் கேட்கிறது. அந்தப் பையில் லேபிள் இல்லை, காலாவதித் திகதி இல்லை. நம் வெக்கைக்கும் உப்புக் காற்றுக்கும் திறந்த மூட்டையில் மேலே தெளித்த கொழுப்பு சீக்கிரம் கெட்டு, பழைய எண்ணெய் மணம் வரும். மூடிய பக்கெட்டைக் காட்டி ரீல் செய்துவிட்டு, பார்த்து வந்தவருக்குக் கட்டின பையைக் கொடுத்தால், நீங்கள் கவனமாக எழுதிய அந்த ஒரு வரியும் வீண்.

இனிப் படம் எடுப்பது. நாளைக்கே எடுக்க வேண்டாம். புதுச் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் பூனைக்கு வயிற்றாலை போகக்கூடும். முதல் இரண்டு, மூன்று நாள் பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, பிறகு அரைவாசி, பிறகு முக்கால் பங்கு என்று ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். அதற்குப் பிறகு இன்னும் ஒரு பத்து நாள் அதையே கொடுங்கள். அப்போது அவள் ஓடி வருவது இந்தப் பக்கெட்டுக்குத்தான் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். அந்த மூன்று கிழமையில் அவள் இதை விரும்பவில்லை என்றால், அவளை வைத்து இந்த ரீலை எடுக்க முடியாது. வேறு வீட்டுப் பூனையைப் பார்க்க வேண்டும்.

படத்துக்காகப் பட்டினி போடாதீர்கள். வழமையான சாப்பாட்டு நேரத்திலேயே எடுங்கள், அந்தப் பசி போதும். அன்றைய பங்கை முதலே அளந்து வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு தரமும் ஐந்தாறு மணி மட்டும் கிண்ணத்தில் போடுங்கள். மூன்று, நான்கு தரத்துக்கு மேல் ஓடச் சொன்னால் அவளும் அலுத்துவிடுவாள். கமராவை நிலத்தில், அவள் கண் மட்டத்துக்கு வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். இன்னொன்று, பலர் செய்கிறார்கள்: சாப்பாட்டுக்கு அடியில் டின் மீன் துண்டு வைப்பது, அல்லது அதன் தண்ணியை மேலே ஊற்றுவது. அப்படிச் செய்தால் அவள் ஓடி வருவது டின் மீனுக்கு. எடுத்த துண்டுகளைப் பார்க்கும்போது அவள் எப்படி இருக்கிறாள் என்றும் பாருங்கள். காது பின்னால் படிந்து, உடம்பு தாழ்ந்து, வால் சுண்டிச் சுண்டி அடித்தால் அவள் ஆசையில் இல்லை, எரிச்சலில் இருக்கிறாள். சாப்பாடு இல்லாத இடத்தில் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் குமட்டலாகவும் இருக்கலாம். அதை "நாக்கில் எச்சில்" என்று போட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஸ்கிரிப்டை இப்படித் திருப்பி எழுதியிருக்கிறேன். குரல் உங்களுடையதே இருக்கட்டும், நம்முடைய பேச்சிலேயே இருக்கட்டும்.

முதல் நான்கு செக்கன்: அலுமாரிக்கு மேல் வெள்ளச்சி தூங்குகிறாள். வெளியே மீன்காரரின் ஹோர்ன். ஒரு காது மட்டும் திரும்புகிறது. குரல்: "மீன்காரர் வந்தா வெள்ளச்சிக்குத் தெரியும்."

ஒன்பதாவது செக்கன் வரை: உம்மாவோ அம்மாவோ, வீட்டில் இருப்பவர் தேங்காய் திருவுகிற சத்தம். மற்றக் காது திரும்புகிறது, கண் திறக்கவில்லை. குரல்: "தேங்கா திருவினாலும் தெரியும். ஆனா எழும்பமாட்டாள்."

பதினாறு வரை: பக்கெட் சரசரப்பு. அலுமாரி வெறுமை. நிலத்தில் வைத்த கமராவை நோக்கி ஓட்டம். குரல் வேண்டாம், கால் சத்தம் மட்டும். கிண்ணத்தடியில் வந்து உங்கள் காலில் தலையை உரசுகிறாள். குரல்: "இது பாசமா, சாப்பாடு தா எண்டு கேட்கிறதா? ரெண்டும்தான்."

இருபத்திரண்டு வரை: சாப்பிடுகிறாள், கிட்டத்தில், மெல்லிய நொறுக்குச் சத்தத்துடன். குரல்: "மூண்டு கிழமையா இதைச் சாப்பிடுறாள்." மூன்று கிழமை உண்மையில் முடிந்திருந்தால் மட்டும் இந்த வரி.

இருபத்தாறு வரை: பக்கெட்டின் பின்பக்கம், உங்கள் விரல் அந்த வாக்கியத்தைத் தொடுகிறது. குரல்: "ஆருக்கு, எந்த வயசுக்கு எண்டு பின்னால போட்டிருக்கு. வாங்க முன்னம் வாசிச்சுப் பாருங்க." எழுத்தில் கடைப் பெயர், விலை, எத்தனை கிராம்.

கடைசி நான்கு செக்கன்: சாப்பிட்ட இடத்தைச் சுற்றி அவள் வெறும் நிலத்தைப் பிறாண்டுகிறாள். மிச்சத்தை மண் போட்டு மூடுகிற பழக்கம் அது. பலர் அதைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். குரல்: "மிச்சத்தை மண் போட்டு மூடுறாள். எங்கட வீட்டில மண் இல்லகா." அங்கேயே வெட்டிவிடுங்கள்.

மீன்காரரின் ஹோர்னுக்கு அவள் எழும்பி ஓடிவிட்டால் அப்படியே எடுங்கள், பிறகு எழுத்தை மாற்றலாம். அவள் மீனைக் கணக்கெடுக்காமல் பக்கெட்டுக்கு மட்டும் ஓடினாள் என்று வெட்டி ஒட்ட வேண்டாம். தேங்காய்ச் சத்தத்தை வைத்ததற்குக் காரணம், அதில் யாரோடும் ஒப்பீடு இல்லை.

போட்ட பிறகு கருத்துப் பகுதியைத் தம்பியிடம் விடாதீர்கள், நீங்களே பாருங்கள். "எங்கட பூனைக்கு முடி கொட்டுது, இது குடுத்தா சரியாகுமா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். "ஓம், ட்ரை பண்ணிப் பாருங்க" என்று கடை ஒரு வரி எழுதினால் ரீலில் சொல்லாத பொய்யை அங்கே சொன்னதாகிவிடும். நான் எழுதினால் இதை மேலே பின் செய்து வைப்பேன்: "இது சாப்பாடு, மருந்து இல்லை. பூனைக்கு முடி கொட்டினால், சாப்பிடாமல் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்க. ஆண் பூனை மூத்திரம் போக முக்கிக்கொண்டு இருந்தால், மூத்திரம் வராவிட்டால், அண்டைக்கே கொண்டு போங்க."

பக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இருபத்தாறாவது செக்கனில் உங்கள் விரல் எந்த வாக்கியத்தைத் தொடுவது என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.